கால்குலேட்டர் காட்டும் σx வேறு, "σ தெரியும்" என்பது வேறு

கேள்வி: "தங்கையின் ப்ராஜெக்ட் குழுவில் ஒருத்தி '500 கிராம்' என்று அச்சடித்த துவரம் பருப்பு பாக்கெட்டுகளை எடை போட்டு, கால்குலேட்டர் திரையை ஃபோட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். x̄ = 497, Σx = 5964, Σx² = 2964383, σx = 4.787, sx = 5 என்று தெரிகிறது. n மட்டும் வெளிச்சம் பட்டு 12-ஆ 72-ஆ தெரியவில்லை. σ கொடுத்திருப்பதால் z போடலாம் என்கிறாள் தங்கை. சரியா? 95% நம்பிக்கை இடைவெளி வந்தபின் அதற்கு என்ன அர்த்தம் என்று எழுதுவது?"

z வேண்டாம், t போடுங்கள். n = 12. இடைவெளி 493.8 கிராமிலிருந்து 500.2 கிராம் வரை. அவசரமாக விடை மட்டும் தேவை என்றால் இவ்வளவுதான். ஆனால் தங்கை சொன்ன காரணத்தில் ஒரு தவறு இருக்கிறது. கல்லூரியில் புள்ளியியல் பாடம் எடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒவ்வொரு வகுப்பிலும் இந்தத் தவறைப் பார்த்துவருகிறேன். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் படத்தைச் சரிபார்ப்போம். ஃபோட்டோவில் வந்த எண்ணை அப்படியே நம்பிக் கணக்கில் இறங்கக் கூடாது. 1-ம் 7-ம், 3-ம் 8-ம் மாறிப்போகும். வெளிச்சம் பட்டால் புள்ளி காணாமல் போகும். நல்லவேளையாக, இந்தத் திரையில் இருக்கும் எண்கள் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. எல்லா எடைகளின் கூட்டல் Σx. அதை n-ஆல் வகுத்ததுதான் x̄. அப்படியானால் 5964-ஐ 497-ஆல் வகுத்தால் n வந்துவிடும். வகுத்துப் பாருங்கள், மிச்சமில்லாமல் 12. இதுவே 72 என்றால் கூட்டல் முப்பத்தையாயிரத்தைத் தாண்டியிருக்கும்.

Σx-உம் தெரியாத படமாக இருந்தாலும் இன்னொரு வழி உண்டு. sx, σx இரண்டும் ஒரே விலகல்களிலிருந்து வருபவை. ஒன்றில் n−1-ஆல் வகுக்கிறோம், மற்றதில் n-ஆல். எனவே sx-இன் வர்க்கத்தை, இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்தால் வகுத்தால் n கிடைக்கும். இங்கே 25-ஐ (25 − 22.915)-ஆல் வகுத்தால் 11.99. திரையிலுள்ள தசமத்தைச் சுருக்கி எழுதியதால் வந்த சின்ன இழப்பு அது, 12 என்று எடுத்துக்கொள்ளலாம். n பெரிதாக இருந்தால் இந்த வழி அவ்வளவு நம்பகமில்லை. sx-உம் σx-உம் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும், கடைசித் தசமத்தில் வரும் சிறு மாற்றம்கூட n-ஐ எங்கோ கொண்டுபோய்விடும். கடைசியாக ஒரு சோதனை: Σx²-ஐ 12-ஆல் வகுத்து அதிலிருந்து 497-இன் வர்க்கத்தைக் கழியுங்கள். 22.917 வருகிறது. அதன் வர்க்கமூலம் 4.787. ஆக, படத்தில் இருக்கும் ஐந்து எண்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. எண்களைப் படித்ததில் பிழை இல்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம். எடை போட்டதில் பிழை இல்லையா என்பது வேறு கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது தங்கையின் வாதம். பாடப்புத்தகத்தில் "σ தெரிந்தால் z, தெரியாவிட்டால் t" என்று படித்திருக்கிறாள். திரையில் σ என்ற எழுத்து இருக்கிறது. அதனால் σ தெரியும் என்று முடிவுகட்டிவிட்டாள். புத்தகம் சொல்லும் σ, கடைக்கு வந்த மொத்தச் சரக்கின் திட்டவிலக்கம், அதாவது ஆயிரக்கணக்கான பாக்கெட்டுகள் அத்தனையையும் எடை போட்டால் கிடைக்கக்கூடிய எண். கால்குலேட்டருக்கு அந்தச் சரக்கைப் பற்றி எதுவும் தெரியாது. நீங்கள் உள்ளே தட்டிய 12 எண்கள்தான் அதற்குத் தெரிந்த உலகம். "இந்த 12-தான் மொத்தமே என்றால் திட்டவிலக்கம் எவ்வளவு" என்று கணக்குப் போட்டு, அதற்கு σx என்று பெயர் வைக்கிறது. "இந்த 12 ஒரு பெரிய தொகுதியிலிருந்து எடுத்த மாதிரி என்றால் அந்தத் தொகுதியின் திட்டவிலக்கத்துக்கு நல்ல மதிப்பீடு எவ்வளவு" என்று கேட்டால் sx-ஐத் தருகிறது. இரண்டுமே அந்த 12 பாக்கெட்டிலிருந்து வந்தவைதான். வெளியிலிருந்து யாரும் நமக்கு எதையும் சொல்லவில்லை.

சரி, σ உண்மையிலேயே தெரிந்திருப்பது எப்படி இருக்கும்? பாக்கெட் நிரப்பும் ஆலையில் அதே இயந்திரம் பல மாதங்களாக ஓடி, ஆயிரக்கணக்கான எடைகள் பதிவாகியிருந்து, "இந்த இயந்திரத்தின் சிதறல் 4.5 கிராம், அது மாறுவதில்லை" என்று அந்தப் பதிவேடு சொன்னால் z போடலாம். அந்த எண் இன்றைய 12 பாக்கெட்டைச் சாராமல் முன்னமே இருந்த எண். பரீட்சைக் கணக்கில் "முழுமைத்தொகுதியின் திட்டவிலக்கம் இவ்வளவு எனத் தரப்பட்டுள்ளது" என்று எழுதியிருந்தால் அதுவும் அப்படித்தான். அந்த எண் இன்றைய மாதிரியைப் பார்ப்பதற்கு முன்பே இருந்ததா என்று கேட்டுக்கொண்டால் போதும். இருந்தது என்றால் z. மாதிரியிலிருந்தே கணக்கிட்டது என்றால், எந்த எழுத்தில் எழுதியிருந்தாலும், t.

ஏன் இந்த வித்தியாசம்? சராசரி எவ்வளவு தள்ளாடும் என்பதை அளக்க ஒரு அளவுகோல் வேண்டும். σ தெரிந்தால் அந்த அளவுகோல் அசையாது. 12 பாக்கெட்டிலிருந்து s-ஐக் கணக்கிட்டால் அளவுகோலே மாதிரிக்கு மாதிரி நீளும், சுருங்கும். தற்செயலாகச் சுருங்கிய நாளில் நம் இடைவெளியும் அநியாயத்துக்குக் குறுகி, உண்மையான சராசரியைத் தவறவிட்டுவிடும். அதை ஈடுகட்டத்தான் t அட்டவணை, 95 சதவீதத்துக்கு z தரும் 1.96-ஐவிடப் பெரிய எண்ணைத் தருகிறது. இதைக் கண்டுபிடித்தவர் வில்லியம் சீலி காசெட், டப்ளின் நகரில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்தவர். வாற்கோதுமை, ஹாப்ஸ் போன்றவற்றில் மிகச் சில சோதனைகளை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டிய நிலை அவருக்கு. 1908-இல் பயோமெட்ரிகா இதழில் "ஸ்டூடண்ட்" என்ற புனைபெயரில் அதை எழுதினார். நம் கதைக்குப் பொருத்தமான ஒரு செய்தி: அந்தக் கட்டுரையில் காசெட் n-ஆல் வகுத்த திட்டவிலக்கத்தைத்தான் பயன்படுத்தினார், தன் அளவைக்கு z என்றே பெயர் வைத்திருந்தார். இன்றைய t வடிவம் பின்னால் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் கையில் வந்தது. ஆகவே எழுத்தைப் பார்த்து முடிவெடுப்பது அன்றைக்கும் உதவியிருக்காது.

கணக்குக்கு வருவோம். திட்டப்பிழை என்பது sx-ஐ √n-ஆல் வகுத்தது. 5-ஐ √12-ஆல், அதாவது 3.4641-ஆல் வகுத்தால் 1.4434 கிராம். t அட்டவணையில் 12-ஆவது வரிசையைப் பார்க்காதீர்கள், 11-ஆவது வரிசைக்குப் போங்கள். சராசரியை அதே எண்களிலிருந்து எடுத்ததால் ஒரு சுதந்திரம் செலவாகிவிட்டது. நெடுவரிசையிலும் கவனம் வேண்டும். 95% இடைவெளி என்றால் இரண்டு பக்கமும் இரண்டரை இரண்டரை சதவீதம் வெளியே விடுகிறோம். ஒருபக்க அட்டவணையாக இருந்தால் 0.025 என்ற நெடுவரிசை, இருபக்க அட்டவணையாக இருந்தால் 0.05. சரியான இடத்தில் 2.201 இருக்கும். உங்கள் விரல் 1.796-இல் நின்றால் ஒருபக்க 0.05-ஐப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம், அது 90% இடைவெளிக்கான எண். 2.179-இல் நின்றால் ஒரு வரிசை கீழே போய்விட்டீர்கள். 2.201-ஐ 1.4434-ஆல் பெருக்கினால் 3.18. 497-இலிருந்து கழித்தால் 493.82, கூட்டினால் 500.18.

படத்தில் σx மட்டும் தெரிந்து sx மறைந்திருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்பார்கள். அப்போதும் வழி இருக்கிறது. σx-ஐ √n-க்குப் பதிலாக √(n−1)-ஆல் வகுத்தால் அதே திட்டப்பிழை வந்துவிடும். 4.787-ஐ √11-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.443 வரும். அதற்குப் பிறகு t-யைத்தான் போட வேண்டும். எக்செல் வைத்திருந்தால் கீழே உள்ள இரண்டு வரிகளையும் தனித்தனி கட்டத்தில் போட்டுப் பாருங்கள்:

```
=CONFIDENCE.T(0.05, 5, 12)
=CONFIDENCE.NORM(0.05, 5, 12)
```

முதல் வரி 3.18 தரும், அதுதான் நமக்கு வேண்டியது. இரண்டாவது 2.83 தரும், அது z. பழைய எக்செலில் வெறும் CONFIDENCE என்று இருக்கும் ஃபங்ஷனும் z-தான்.

தங்கை சொன்ன வழியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 4.787-ஐ √12-ஆல் வகுத்து 1.96-ஆல் பெருக்கினால் 2.71. இடைவெளி 494.29 முதல் 499.71 வரை. 500 வெளியே போய்விட்டது! "பாக்கெட்டில் எடை குறைவு என்று நிரூபணமாகிறது" என்று ப்ராஜெக்டில் எழுதியிருப்பார்கள். t போட்டால் 500 உள்ளே இருக்கிறது, விளிம்பை ஒட்டித்தான், ஆனாலும் உள்ளே. ஒரு கடைக்காரர் மேல் குற்றம் சொல்வதா வேண்டாமா என்பது இங்கே அரை கிராமுக்கும் குறைவான வித்தியாசத்தில் மாறுகிறது. எடைகள் இயல்நிலைப் பரவலில் இருந்தால், தங்கையின் முறைக்கு 95% என்று பெயர் வைத்தாலும் அது உண்மையில் சுமார் 91 சதவீதம்தான் பிடிக்கும். n-ஐ 72 என்று படித்திருந்தால் இன்னும் மோசம். t-யைச் சரியாகப் போட்டாலும் 495.8 முதல் 498.2 வரை என்று வந்திருக்கும், 500-க்குப் பக்கத்திலேயே வந்திருக்காது. படத்தில் ஒரே ஒரு இலக்கத்தைத் தவறாகப் படித்ததன் விளைவு அது.

"n முப்பதைத் தாண்டினால் z போடலாம்" என்ற விதியைப் பற்றியும் கேட்பீர்கள். பல பாடத்திட்டங்களில் அப்படித்தான் இருக்கிறது, பரீட்சையில் உங்கள் பாடத்திட்டம் சொல்வதையே பின்பற்றுங்கள். ஆனால் 30-இல் எந்த மாயமும் நடப்பதில்லை. n = 5 என்றால் t 2.776, n = 12-இல் 2.201, n = 30-இல் 2.045, n = 100-இல் 1.984. 1.96-ஐ நோக்கி மெதுவாக இறங்கி வருகிறது, அவ்வளவுதான். எண்களைக் கையால் பெருக்கி, அட்டவணையை அச்சில் தேடிய காலத்துக்கு அந்த விதி வசதியாக இருந்தது. σ தெரியாதபோது எப்போதும் t போட்டால் n எவ்வளவு பெரிதானாலும் தப்பாகாது. நான் என் வேலையில் அப்படித்தான் செய்கிறேன்.

இனி அர்த்தத்துக்கு வருகிறேன். மதிப்பெண் அதிகம் போவது இங்கேதான். முதலில், "95% பாக்கெட்டுகள் 493.8-க்கும் 500.2-க்கும் இடையே இருக்கும்" என்று எழுதவே கூடாது. இந்த இடைவெளி சராசரியைப் பற்றியது, தனி பாக்கெட்டைப் பற்றியது அல்ல. sx 5 கிராம் என்றால் தனித்தனி பாக்கெட்டுகள் சராசரியிலிருந்து பத்து கிராம் வரைகூட எளிதாக விலகும். அடுத்து வாங்கப்போகும் ஒரே ஒரு பாக்கெட்டுக்கு இடைவெளி வேண்டுமென்றால் திட்டப்பிழைக்குப் பதிலாக 5 × √(1 + 1/12)-ஐ 2.201-ஆல் பெருக்க வேண்டும். அது ஏறக்குறைய 485.5 முதல் 508.5 வரை போகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் படும். ஐநூறு பாக்கெட் எடை போட்டால் முதல் இடைவெளி வெகுவாகக் குறுகும், இரண்டாவது அவ்வளவாகக் குறுகாது. பாக்கெட்டுகளின் சிதறல் நாம் எத்தனை எடை போட்டோம் என்பதற்காகக் குறையாது.

இரண்டாவது, "உண்மையான சராசரி இந்த இடைவெளியில் இருக்க 95% வாய்ப்பு" என்பது. நிறையப் பேர் இப்படித்தான் சொல்கிறார்கள், பேச்சில் நானே பலமுறை கேட்டுக் கடந்துபோயிருக்கிறேன். ஆனால் இந்த முறைக்கு அடித்தளம் போட்ட ஜெர்சி நெய்மன் 1937-இல் எழுதியபோதே, அந்த நிகழ்தகவு முறையைச் சேர்ந்தது என்று தெளிவாக வைத்தார். சரக்கின் உண்மைச் சராசரி நகராத ஓர் எண். நமக்குத்தான் தெரியாது. மாறுவது நம் மாதிரி. அதே சரக்கிலிருந்து மறுபடி மறுபடி 12 பாக்கெட் எடுத்து ஒவ்வொரு முறையும் இப்படி ஓர் இடைவெளி போட்டால், நூற்றுக்கு ஏறக்குறைய 95 இடைவெளிகள் அந்த எண்ணை உள்ளே பிடித்திருக்கும். நம் கையில் இருக்கும் 493.8–500.2, பிடித்த 95-இல் ஒன்றா, தவறவிட்ட ஐந்தில் ஒன்றா என்று இந்த இடைவெளியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே ப்ராஜெக்டில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: "இந்தச் சரக்கின் சராசரி எடை 493.8 கிராமுக்கும் 500.2 கிராமுக்கும் இடையே உள்ளது என மதிப்பிடுகிறோம். பயன்படுத்திய முறை, திரும்பத் திரும்பச் செய்தால் 95 சதவீத முறை உண்மைச் சராசரியை உள்ளடக்கும்."

500 உள்ளே இருக்கிறது என்பதற்காக "எடை சரியாக இருக்கிறது" என்றும் எழுதக் கூடாது. 494-உம் உள்ளேதான் இருக்கிறது. இந்த 12 பாக்கெட்டால் இரண்டில் எதையும் விலக்க முடியவில்லை என்பதுதான் நேர்மையான வாசகம்.

இதுவரை சொன்னதில் கணக்குப் பகுதி உறுதியானது. இனி சொல்வது படத்தை வைத்து உறுதிசெய்ய முடியாதது. n சிறிதாக இருக்கும்போது t-யை நம்ப, எடைகள் ஓரளவு இயல்நிலைப் பரவலில், கோணலில்லாமல் இருக்க வேண்டும். அதைச் சுருக்க எண்களிலிருந்து பார்க்க முடியாது. 488.5 என்பதை 388.5 என்று தட்டியிருந்தால் sx முப்பதைத் தொட்டிருக்கும், ஆகவே அவ்வளவு பெரிய பிழை இல்லை என்று மட்டும் சொல்லலாம். பல கால்குலேட்டர்களில் இன்னும் கீழே நகர்த்தினால் மிகச் சிறிய மதிப்பும் மிகப் பெரிய மதிப்பும் வரும், அந்தத் திரையையும் ஒரு படம் கேளுங்கள். அதைவிட நல்லது, 12 எடைகளையும் வாங்கி ஒரு கோட்டில் புள்ளி வைத்துப் பார்ப்பது. ஒன்று மட்டும் தனியே ஓடிப்போய் நின்றால் கண்ணில் பட்டுவிடும்.

பாக்கெட்டுகளை எப்படி எடுத்தார்கள் என்பதும் தெரியாது. ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து வரிசையாக 12 எடுத்திருந்தால், இந்த இடைவெளி அந்தப் பெட்டியைப் பற்றித்தான் பேசுகிறது. அந்த நிறுவனத்தின் எல்லாச் சரக்கையும் பற்றி அல்ல. இன்னொன்று, உறையோடு எடை போட்டார்களா, பருப்பை மட்டும் கொட்டி எடை போட்டார்களா? உறைக்கே சில கிராம் இருக்கும். தராசு எப்போதும் இரண்டு கிராம் குறைத்துக் காட்டினாலும் இதே கதைதான். 12 எடைகளும் சேர்ந்து ஒரே பக்கம் நகரும், sx-இல் அது தெரியவே தெரியாது. இந்த வகைப் பிழையை நம்பிக்கை இடைவெளி அளப்பதில்லை. எடை போட்டவளிடம் இந்த இரண்டையும் கட்டாயம் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

500 உள்ளேயா வெளியேயா என்று இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் பாக்கெட்டுகளைக் கூட்ட வேண்டும். சிதறல் 5 கிராம் அளவிலேயே இருக்கும் என்று வைத்துக்கொண்டால், சராசரியை இருபக்கமும் ஒரு கிராமுக்குள் பிடிக்க ஏறக்குறைய 100 பாக்கெட் தேவை. இரண்டு கிராம் போதும் என்றால் 27-க்குப் பக்கத்தில். ஒரு மாலைப் பொழுதில் மூன்று பேர் சேர்ந்து இருபத்தேழு பாக்கெட்டை எடை போட்டுவிடலாம். கடைக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லி, வெவ்வேறு பெட்டிகளிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள்.